எல்லாரும் ஒரே பதில் சொன்னால்?

"மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நின்று, 'பஸ்ஸில் சத்தமாகப் பாட்டுப் போடுவது சரியா?' என்று 15 பேரிடம் கேட்டு வீடியோ எடுத்தோம். எல்லாருமே 'பிழைதான்' என்றார்கள். பார்த்தவர்கள், சொல்லிக் கொடுத்து எடுத்ததா என்கிறார்கள். என்ன செய்யலாம்?"
— மாணவி ஒருவர், கல்லடி

தங்கச்சி, நீங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, உங்கள் கேள்விதான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 'சரியா?' என்று மைக்கை நீட்டினால் நல்ல பிள்ளைப் பதில்தான் வரும். 'கடைசியாக ஏறின பஸ்ஸில் என்ன பாட்டுப் போனது? அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஃபோன் கதைக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததைச் சொல்வார். இன்னொருவர், கொழும்பு போகும் இரவு பஸ்ஸில் பாட்டு இல்லாவிட்டால் ட்ரைவர் தூங்கிவிடுவாரே என்பார். ஆளுக்கொரு அனுபவம் என்பதால் பதில்கள் தானாகவே வேறுபடும். ஆனால் கேள்வியின் சொற்களை ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள். மாற்றினால் எடிட்டிங்கில் பதில்கள் ஒட்டாது.

அடுத்தது கூட்டம். கமராவைக் கண்டதும் நாலு பேர் சுற்றி நின்று, முதல் ஆளின் பதிலைக் கேட்டுவிட்டு அதையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் ஒருவரை முடித்ததும் முப்பது நாற்பது அடி நகர்ந்து, எதிரே வருகிறவரை நிறுத்துங்கள். 'பஸ் பயணம் பற்றி ஒரு நிமிடம் கதைக்கலாமா, வீடியோவாகப் போடுவோம்' என்று சம்மதம் வாங்கினால் போதும். கேள்வியைக் கமரா ஓடத் தொடங்கிய பிறகுதான் சொல்ல வேண்டும். இடையில் ஹோர்ன் அடித்துக் கெடுத்தாலும், 'இன்னொருக்கா சொல்லுங்கோ' என்று கேட்காதீர்கள். இரண்டாம் தடவை சொல்வது ஒத்திகை பார்த்த பேச்சாகிவிடும். ஆளை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

பஸ் நிலையத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். காலையில் சந்தை, பாடசாலை விடும் நேரம், பின்னேரம் கல்லடிப் பாலத்தடி, ஒரு நாள் காத்தான்குடி பிரதான வீதி, முடிந்தால் படுவான்கரையும். பெண்கள் மறுத்துக்கொண்டே போனால், மைக்கை உங்கள் குழுவில் ஒரு பெண் பிடிக்கட்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

20 பேரை எடுத்தால் 8 பேரைப் போடலாம், ஒருவருக்கு ஆறு முதல் பத்து வினாடி. ஒருவரைத் திரையின் இடப்பக்கம் வைத்தால் அடுத்தவரை வலப்பக்கம் வையுங்கள், வெட்டு உறுத்தாது. 'ம்ம்… தெரியாதே மகள்' என்ற சிரிப்பையும் தயக்கத்தையும் வெட்டி எறியாதீர்கள். அவைதான் ஆள் நடிக்கவில்லை என்று காட்டும். ஆனால் 20 பேரில் 16 பேர் பாட்டைத் திட்டியிருந்தால், வித்தியாசம் காட்டுவதற்காக நாலுக்கு நாலு என்று போடக் கூடாது. எட்டில் ஆறு பேராவது திட்டட்டும். எந்தெந்த இடங்களில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள், இது கணக்கெடுப்பு அல்ல என்பதை ஒரு வரியில் திரையில் போட்டுவிடுங்கள்.