வால்யூம் மட்டும் பார்த்தால் போதாது, ஸ்ப்ரெட்டையும் பாருங்கள்

> "வால்யூம் 50,000-க்கு மேல் இருந்தால்தான் என் ஸ்கிரிப்ட் வாங்குகிறது. ஆனாலும் சில பங்குகளில் வாங்கிய உடனே நஷ்டம் காட்டுகிறது. ஏன்?"

வால்யூம் என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த வியாபாரம். காலையில் ஒரே ஒரு பெரிய கைமாற்றம் நடந்திருந்தாலும் அந்த எண் வந்துவிடும். நீங்கள் ஆர்டர் போடும் நொடியில் எதிரே ஆள் இருக்கிறாரா என்பதை, வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட்தான் காட்டும்.

வாங்குபவர் 182.40, விற்பவர் 184.60 என்று வையுங்கள். இடைவெளி 2.20, நடுவிலை 183.50. அதாவது 1.2%. மார்க்கெட் ஆர்டரில் வாங்கி உடனே விற்றால், புரோக்கரேஜுக்கு முன்பே அவ்வளவும் போச்சு. உங்கள் இலக்கே 1.5% என்றால் மிச்சம் என்ன?

டெப்த் தரும் ஏபிஐயில் இப்படி வடிகட்டலாம், `d` என்பது அது தரும் டெப்த்:

```python
b = d["buy"][0]["price"]
a = d["sell"][0]["price"]
ok = b > 0 and a > 0 and (a - b) / ((a + b) / 2) < 0.003
```

அந்த `> 0` சோதனையை விட்டுவிடாதீர்கள். அப்பர் சர்க்யூட்டில் விற்பவரே இருக்க மாட்டார். `a` பூஜ்யமாக வந்தால் கணக்கு -200% ஆகி, வடிகட்டியைத் தாண்டிவிடும். வாங்கவே முடியாத பங்கு பட்டியலில் வந்து நிற்கும்.

0.3% என்பது என் தேர்வு. அந்த 1.5% இலக்கில் ஐந்தில் ஒரு பங்கு. சந்தை திறக்கும் 9:15-க்குப் பல பங்குகளில் ஸ்ப்ரெட் அகலமாகவே இருக்கும். அதனால் 9:30-க்குப் பிறகு நிமிடத்துக்கு ஒன்றாகச் சில அளவுகள் எடுத்து, அவற்றின் இடைநிலையை 0.3%-உடன் ஒப்பிடுங்கள்.

அப்புறம், முதல் வரிசையில் 12 பங்குதான் இருக்கிறது, நீங்கள் 500 வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஸ்ப்ரெட் உங்களுக்குப் பொருந்தாது. `quantity`-யையும் சேர்த்துப் பாருங்கள்.