கொழும்பு மேலதிகாரிக்கு ஐந்து வரி: கேள்வி பதில்

விசுவமடு: அண்ணை, எங்கட மகளிர் சங்கக் கச்சானை வாங்கச் சொல்லி ஒரு இனிப்புக் கம்பனியின்ர கொள்வனவுப் பணிப்பாளருக்கு ரெண்டு பக்கம் எழுதினன். பதிலே இல்லை. என்ன பிழை?

நீங்கள் அனுப்பின பிரதியைப் பார்த்தேன். முதற்பக்கம் முழுக்கச் சங்கத்தின் வரலாறு. கேள்வி கடைசி வரியில்தான் வருகிறது, அதுவும் "தங்கள் மேலான ஆதரவை எதிர்பார்க்கிறோம்" என்று. ஆதரவு என்றால் வாங்குவதா, கடனா, நன்கொடையா? அதை யோசிக்க அவருக்கு நேரமில்லை. பிறகு பார்ப்போம் என்று விடுவார், கடிதம் அடியில் போய்விடும்.

அந்தக் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் இருப்பதால் ஆண்டறிக்கை cse.lk தளத்தில் கிடைக்கும். தலைவரின் செய்தியை விடுங்கோ, அது பங்குதாரருக்கு எழுதினது. மூலப்பொருள், வழங்குநர் என்று வரும் பக்கங்களை வாசியுங்கோ. தரம் பிரித்த உள்ளூர்க் கச்சான் போதவில்லை என்று அங்கே ஒரு வசனம் இருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதைப் பிடித்து இப்படி எழுதலாம்:

> விடயம்: விசுவமடுக் கச்சான், 2 கிலோ மாதிரி அனுப்பலாமா?
>
> வணக்கம் ஐயா. தரம் பிரித்த உள்ளூர்க் கச்சான் போதவில்லை என்று உங்கள் ஆண்டறிக்கையின் வழங்குநர் பகுதியில் வாசித்தேன். எங்கள் சங்கத்தில் 34 பெண்கள் சிறுபோகத்தில் 6 தொன் எடுக்கிறோம். கோது உடைத்து, பருமன் பார்த்துப் பிரித்துத் தருவோம். உங்கள் தரச்சோதனைக்கு 2 கிலோ மாதிரி அனுப்பலாமா? இதை வேறொருவர் பார்க்கிறார் என்றால் அவருடைய பெயரைச் சொன்னாலே போதும்.

கீழே உங்கள் பெயர், சங்கத்தில் என்ன பொறுப்பு, தொலைபேசி எண். அவ்வளவுதான்.

இதற்கு "ஓம், அனுப்புங்கோ" என்று வாகனத்தில் இருந்தபடியே பதில் போடலாம். கடைசி வசனத்தை வெட்டவேண்டாம். மேலிருந்து கைமாறி வரும் மடலைக் கீழே இருப்பவர் உடனே திறப்பார். ஈரப்பதன் அளவைக் கடிதத்தில் போடத் தேவையில்லை, ஆனால் கையில் இருக்கவேணும். உடைத்த பருப்பில் ஈரம் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் அவர்களுடைய முதற்கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மாங்குளம்: பிரதேச செயலாளரிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கி இணைச்சால் மறுக்கேலாது தானே?

அரைவாசி சரி. சங்கம் பதிவுசெய்யப்பட்டது என்று பிறகு காட்ட அது உதவும். முதல் மடலிலேயே வந்தால், இல்லை என்று சொல்ல அவர் சங்கடப்படுவார். சங்கடப்படுபவர் பதில் போடாமல் விட்டுவிடுவார்.

நெடுங்கேணி: கம்பனி விபரக்கொத்தை இணைக்கலாமா?

முதல் மடலில் வேண்டாம்.

புளியங்குளம்: படங்கள் இணைக்கலாமா? ஒரு பத்துப் படம்தான்.

மேலே சொல்லிவிட்டேன். கேட்டால் அனுப்புங்கோ.

முழங்காவில்: நான் எழுதப்போற மேலதிகாரி தமிழர்தான். தமிழில எழுதலாமா? ஆங்கிலத்தில எழுதினாத்தானே மதிப்பு?

அவர் தன் தொழில் பற்றி எந்த மொழியில் எழுதுகிறாரோ அந்த மொழி. அவருக்குக் கீழே இருப்பவருக்கு அதைக் கைமாற்றவேண்டி வரும் என்பதையும் யோசியுங்கோ.

நெடுங்கேணி: இதை ஏற்கமாட்டன். தமிழருக்குத் தமிழில எழுதினால் நெருக்கம் வரும்.

மாங்குளம்: நெருக்கம் வரும், ஆனா கொள்வனவுப் பிரிவில சிங்களப் பிள்ளை இருந்தால் அந்த மடல் அங்கேயே நிக்கும்.

நெடுங்கேணி: மொழிபெயர்க்க அவருக்கு ஆள் இல்லையோ?

ஆள் இருக்கும். ஆனால் அந்த வேலையை நாங்கள் அவருக்குக் கொடுக்கிறோம். மேலே தமிழில் வணக்கமும் ஒரு வசனமும், மிச்சம் ஆங்கிலத்தில் என்று எழுதுவோரும் உண்டு. இரண்டுக்கும் பதில் வந்திருக்கிறது, இதில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கைபேசிக் குறுஞ்செய்தி என்றால் மட்டும் கவனம்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். விசிறியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்.

வவுனியா: அவற்ற மகளின்ர பட்டமளிப்புப் படம் முகநூலில பாத்தன். வாழ்த்துச் சொல்லித் தொடங்கினால் ஆராய்ஞ்சது தெரியுமே?

வேண்டவே வேண்டாம். வீட்டை எட்டிப் பார்த்தவர் என்று நினைத்துப் பயப்படுவார். அவர் தொழில் பற்றிப் பொதுவில் சொன்னதை மட்டும் தொடுங்கோ. எழுதிய வசனத்தை வேறொரு கம்பனிக்கு அனுப்பிப் பாருங்கோ, மனதுக்குள். அங்கேயும் பொருந்தினால் அது ஆராய்ச்சி இல்லை, வெட்டுங்கோ. "உங்கள் நிறுவனத்தின் மகத்தான சேவை" எல்லாம் அந்த வகைதான்.

துணுக்காய்: கிராம அலுவலர் வேலைக்கு மேலதிகாரிக்கு எப்படி எழுதுறது?

அது வர்த்தமானி அறிவித்தல், பரீட்சை வழியாக வரும் வேலை. இப்படி மடல் போட்டுக் கேட்பதில்லை.

விசுவமடு: அண்ணை, ஐந்து வரி அனுப்பிட்டன். நாலு நாளாச்சு. திரும்பக் கேட்கலாமா?

இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ. பிறகு அதே மடலுக்குக் கீழேயே, புதுசாகத் தொடங்காமல், "மாதிரியை வரும் வெள்ளி அனுப்பலாமா, அல்லது வேறொருவரிடம் கேட்கட்டுமா?" என்று ஒரு வரி. அதுக்கும் பதில் இல்லை என்றால் அவரை விட்டு, கொள்வனவு முகாமையாளருக்குப் புதிதாக எழுதுங்கோ. பணிப்பாளர் பதில் தரவில்லை என்று அதில் முறையிடாதேயுங்கோ.

புளியங்குளம்: வட்ஸ்அப்பில படங்கள்?

இல்லை.