வந்து உட்கார்ந்தவரிடமும் ஏன் "வாங்க" என்கிறார்கள்?

"நான் பெங்களூரில் வளர்ந்தவன், மனைவியின் ஊர் பாலக்கோடு. மாமனார் வீட்டில் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொருவராக வந்து 'வாங்க' என்கிறார்கள். தெருவில் நடந்தாலும் 'வாங்க'. இது வணக்கமா, அழைப்பா? என்ன பதில் சொல்வது?"

புது மாப்பிள்ளையாகத்தான் இருப்பீர்கள். சிரித்துத் தலையாட்டியிருப்பீர்கள், "மாப்பிள்ளை பேசவே மாட்டேன் என்கிறார்" என்று அதற்குள் யாராவது சமையலறையில் சொல்லியிருப்பார்கள்.

"வாருங்கள்" என்பதன் பேச்சு வடிவம்தான் "வாங்க". இலக்கணப்படி ஏவல். ஆனால் வந்துவிட்டவரை வரச் சொல்லி ஏவ என்ன இருக்கிறது? அந்த இடத்தில் அது, நீங்கள் வந்ததை நான் பார்த்துவிட்டேன், எனக்குச் சம்மதம் என்று தெரிவிக்கிறது. அதனால்தான் வீட்டில் ஒருவர் சொன்னது மற்றவர்களுக்குச் சேராது. அரைமணி நேரம் கழித்துக் கொல்லையிலிருந்து வரும் மச்சானும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டும். இதைத் தமிழ்ப் பெருமை என்று யாரும் தம்பட்டம் அடிக்க வர வேண்டாம். உங்கள் ஊர்க் கன்னடத்தில் "பன்னி", ஓசூர்ப் பக்கத் தெலுங்கில் "ரண்டி", இரண்டும் இதே வேலையைச் செய்கின்றன.

இந்த வணக்கம் முதலில், அழைப்பு அதற்குப் பிறகு. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு என் அக்கா கல்யாணமே சாட்சி. தேன்கனிக்கோட்டையிலிருந்து பெரியப்பா பஸ் பிடித்து வந்தார். மண்டப வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நின்ற பிள்ளைகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தட்டை நீட்டினார்கள், அவ்வளவுதான். அப்பா சமையல் கட்டில் அரிசி மூட்டையோடு இருந்தார். பெரியப்பா பந்தல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்ச் சாப்பிட வரும்படி கூப்பிட்டேன். "இருக்கட்டும்" என்றார். சித்தப்பா கூப்பிட்டார், அதற்கும் "இருக்கட்டும்". மூன்றாவது பந்தியும் முடியப் போகிறது. கடைசியில் அம்மா வந்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எதிரில் நின்று, "வாங்க மாமா" என்றார். மணிக்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம்! "வந்தேனம்மா" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு எழுந்தார். நாங்கள் சோற்றுக்குக் கூப்பிட்டோம். வந்தவரை யாரும் வரவேற்கவில்லை. இதைக் கிழவரின் வீம்பு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் பக்கம்தான் நியாயம் என்பேன்.

இன்று அம்மாவே வந்து சொன்னாலும் காதில் விழாது. மண்டபத்துக்குள் ஆளுயர ஒலிபெருக்கியை வைத்து நெஞ்சு அதிர அடிக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஊர் பெயர் கேட்கவே கத்த வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து இந்தத் தண்டனையை ஏன் வாங்குகிறார்களோ.

சரி, உங்கள் விஷயம். வீட்டுக்குள் சொல்லும் "வாங்க"வுக்கு "வந்தேன் மாமா", "வந்தேன் அத்தை" என்று முறை சொல்லிப் பதில் கொடுத்தால் போதும். கூடவே அவர்கள் நலத்தையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். "நன்றி" வேண்டாம், அது அந்நியர் பேச்சாக ஒலிக்கும். "பரவாயில்லை" அதைவிட மோசம். எதையோ மறுப்பது போலிருக்கும். பெரியவர்கள் சொல்லும்போது நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்தால் பாதிப் பதில் அதிலேயே போய்விடும்.

தெருவில் திண்ணைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே "வாங்க" என்றால் பெரும்பாலும் அது வணக்கம்தான். "கடைவரைக்கும் போய் வருகிறேன்" என்று நடந்துகொண்டே சொல்லலாம். அவர் எழுந்தாலோ, பாயை உதறினாலோ, உள்ளே பார்த்துத் தண்ணீர் கேட்டாலோ, நின்றுவிடுங்கள். "வாங்களேன்" என்று இழுத்தாலும் அப்படியே. அந்த "ஏன்" ஒட்டிவிட்டால் அது வெறும் வணக்கமாக இருக்காது, வற்புறுத்தல். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் "வாங்க, சாப்பிடலாம்" என்றால் மொட்டையாக "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "நீங்கள் சாப்பிடுங்கள், இப்போதுதான் ஆயிற்று" என்பதே வழக்கம். அதற்குப் பிறகும் இலையோ தட்டோ எடுத்து வைத்தால் உட்கார்ந்து இரண்டு வாயாவது சாப்பிடுங்கள்.

நான் சொல்வது எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நடப்பு. தஞ்சாவூர்க்காரரும் நெல்லைக்காரரும் அவரவர் ஊர் வழக்கத்தைத் தனியாக எழுதலாம். கிளம்பும்போது அவர்கள் "போய்விட்டு வாங்க" என்பார்கள். அதற்கு "போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், "வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள்.