ஊசல் ஆடிய ராத்திரி: கேள்வி பதில்

கதையைப் படிக்காதவர்களுக்கு: கதிர் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. விடிந்தால் ரெக்கார்டு வைக்க வேண்டும். தனி ஊசலில் அவனுக்குப் புவியீர்ப்பு முடுக்கம் g 9.6 என்று வந்திருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு, 9.8 வருகிற மாதிரி எண்களைப் பின்னாலிருந்து எழுத உட்காருகிறான். 32 வருடம் ஆய்வகத்தில் நின்றவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

கதை எழுதியவர்: சார், கதிர் மாட்ட வேண்டும். ஆனால் ஆசிரியர் மந்திரவாதி மாதிரி இருக்கக் கூடாது. என்ன செய்யலாம்?

ஸ்டாப் வாட்சைப் பாருங்கள். எதற்கும் முதலில் ஸ்டாப் வாட்ச்தான். கல்லூரியில் இருந்த பழைய முள் வாட்சில் ஒரு விநாடிக்கு ஐந்து கோடு, அதாவது மீச்சிற்றளவு 0.2. முள் கோட்டுக்குக் கோடு தாவும், நடுவில் நிற்காது.

உங்கள் கதிர் கால்குலேட்டரில் g = 9.8 போட்டு 20 அலைவுக்கான நேரத்தை எடுக்கிறான். 50 செ.மீ.க்கு 28.38 வரும், 28.4 என்று எழுதுவான். 60க்கு 31.09, அதை 31.1 ஆக்குவான். 90க்கு 38.08, அது 38.1. அங்கேதான் மாட்டினான். 31.1 என்று அந்த வாட்ச் ஜென்மத்துக்கும் காட்டாது. ஆசிரியர் கணக்கே போட வேண்டாம், கடைசி இலக்கத்தில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் ஒற்றைப்படை எண்கள் கையில் இடறும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சோதனை செய்த அன்றே அப்சர்வேஷன் நோட்டில் ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ரெக்கார்டு அதைப் பார்த்து எழுதுவது. கையெழுத்து இருந்தால் கதிரால் எண்ணை மாற்றவே முடியாது. அன்று சார் அவசரமாகக் கிளம்பிவிட்டார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

டிஜிட்டல் வாட்ச் என்றால் தப்பித்துவிடுவானே?

தப்பிக்கலாம். ஆனால் வாட்ச் நூறில் ஒரு பங்கு காட்டினாலும் கட்டைவிரல் அவ்வளவு துல்லியம் இல்லை. நிஜமாக எடுத்தால் முதல் முயற்சி 28.31, அடுத்தது 28.49 என்று விலகும். கற்பனையில் எழுதுகிறவன் 28.38, 28.39 என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பான். முள் வாட்சில் இதற்கு நேர்மாறு. அங்கே இரண்டு முயற்சியும் அடிக்கடி ஒரே எண்ணாக வர வேண்டும், பொய் எழுதுகிறவனுக்கோ ஒரே எண்ணை எழுதப் பயம்.

g தப்பாக வந்தால் எத்தனை மார்க் போகும்?

உங்கள் துறையில் கேளுங்கள்.

நானும் இயற்பியல்தான். கதிர் ஊசலைப் பெரிய கோணத்தில் இழுத்து விட்டிருப்பான், அதனால்தான் 9.6. சரியா சார்?

பாதி சரி, நல்ல யோசனையும்கூட. 20 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அலைவு நேரம் முக்கால் சதவீதம் கூடும், g 9.6 பக்கம் இறங்கிவிடும். ஆனால் எல்லா நீளத்துக்கும் அதே கோணத்தில் விட்டால் எல்லா வரியிலும் ஒரே அளவு குறையும். கதை எழுதியவர் கொடுத்திருக்கிற அட்டவணையைப் பாருங்கள். 50 செ.மீ.க்கு 20 அலைவின் நேரம் 28.6, 28.8. சராசரி 28.7. 100 செ.மீ.க்கு இரண்டு தடவையும் 40.4. 20ஆல் வகுத்து ஒரு அலைவின் நேரம் T எடுத்து, நீளம் l-ஐ மீட்டரில் வைத்து g = 4π²l/T² போட்டால் முதலாவது 9.59, கடைசியானது 9.68. நீளம் கூடக் கூட g மேலே ஏறுகிறது. கோணம் இப்படி ஏற்றாது.

அவன் நூலை மட்டும் அளந்திருக்கிறான். கொக்கியிலிருந்து குண்டின் தலை வரை ஸ்கேல் வைத்தான், குண்டின் மையம் வரை வைக்கவில்லை. 2 செ.மீ. விட்டமுள்ள குண்டு என்றால் ஒவ்வொரு வரியிலும் 1 செ.மீ. குறைவு. 50இல் 1 குறைவது பெரிய அடி, 100இல் 1 குறைவது சின்ன அடி. அதனால்தான் அந்த ஏற்றம்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கதிருக்கு ஆய்வகத்துக்குத் திரும்பப் போகவே தேவையில்லை. கிராஃப் தாளில் கிடையாக l, செங்குத்தாக T² குறித்துக் கோடு போடட்டும். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. பின்னால் நீட்டினால் l அச்சை மைனஸ் 0.9 செ.மீ. பக்கம் தொடும். அதுதான் விட்டுப்போன குண்டு! சாய்விலிருந்து g எடுத்தால் 9.77 வருகிறது, நம் ஊர் மதிப்பை ஒட்டி. அவன் அழிக்க உட்கார்ந்த எண்களுக்குள்ளேயே விடை இருந்திருக்கிறது. ஆகையால் அப்சர்வேஷனில் ரப்பர் வைக்காதீர்கள். தப்பென்று தோன்றினால் ஒற்றைக் கோடு அடியுங்கள், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும்.

எம்.எட். புராஜெக்டுக்கு 100 கேள்வித்தாள் கொடுத்தேன், 71தான் திரும்பியது. கதிர் மாதிரி மிச்சத்தை நான் நிரப்பலாமா?

கதிர் நிரப்பலாம் என்று யார் சொன்னது? 71 என்றே எழுதுங்கள். மற்றதை உங்கள் கைடிடம் கேளுங்கள்.

மெண்டலே பட்டாணி எண்ணிக்கையில் கைவைத்தவர்தானே. கதிரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?

நான் யாரையும் திட்டவில்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள். 1936இல் புள்ளியியலாளர் ஃபிஷர் மெண்டலின் எண்களைத் திரும்பக் கணக்குப் போட்டு, அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்றார். அதில் ஒரு இடம் கதிரின் ஸ்டாப் வாட்ச் மாதிரியே இருக்கும். ஒரு செடி கலப்பா தூயதா என்று பார்க்க மெண்டல் அதன் விதையில் பத்தை நட்டார். கலப்புச் செடியாக இருந்தும் பத்தும் ஓங்குபண்பாகவே முளைக்க 5.6 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி வந்தால் அதைத் தூயது என்று தப்பாக எண்ணியிருப்பார். அப்படிப் பார்த்தால் 600 செடியில் தூயது 222 பக்கம் வர வேண்டும். அவர் எழுதியது 201. தப்பாக எண்ணாமல், கலப்பு இரண்டுக்குத் தூயது ஒன்று என்று அப்படியே வந்தால்தான் 200.

தாவரவியல் ஆசிரியை: இது அநியாயம் சார். பத்துக்கு மேலேயே நட்டிருக்கலாம். சில விதை முளைக்காமலும் போயிருக்கும்.

முதல் வாதம் நிற்கும் அம்மா. பத்துக்கு மேல் நட்டிருந்தால் தப்பாக எண்ணுவது குறையும். ஆனால் அவர் பத்து என்றுதான் எழுதியிருக்கிறார். இரண்டாவது வாதம் உங்களுக்கே எதிராகப் போகிறது. விதை முளைக்காமல் எட்டுச் செடிதான் மிஞ்சியது என்றால் தப்பு இன்னும் கூடும்.

தாவரவியல் ஆசிரியை: ஃபிஷரே மெண்டலைக் குற்றம் சொல்லவில்லையே. உதவியாளர் மேல் அல்லவா சந்தேகப்பட்டார்?

ஆமாம், எதிர்பார்க்கும் விடை தெரிந்த உதவியாளர் ஒருவர் இருந்திருக்கலாம் என்றார். அதற்கும் சாட்சி இல்லை. தோட்டத்தில் எழுதிய குறிப்பேடு இன்று கையில் இருந்தால் நாம் இருவரும் இங்கே சண்டை போட வேண்டியிருக்காது. நான் பாதி உங்கள் பக்கம்தான், 201 மட்டும் உறுத்துகிறது.

சார், g 9.6 வந்தால் பாஸா?

மேலே பாருங்கள்.

கதிர் முழு அட்டவணையையும் பொய்யாக எழுதுவது நம்பும்படி இல்லை. நீங்கள் செய்ததுண்டா?

சரியாகப் பிடித்தீர்கள். முழுப் பொய்க்கு அந்த வயதில் தைரியம் வராது. நான் படித்தபோது செய்தது இரண்டாம் முயற்சி என்ற பத்தி. முதலாவதை நிஜமாக எடுத்தேன், மணி அடித்துவிட்டது, இரண்டாவதை விடுதியில் படுத்துக்கொண்டு எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் 0.2 கூட்டி, 0.2 குறைத்து, கூட்டி, குறைத்து. தையல் போட்ட மாதிரி இருந்தது. கதையில் கதிரும் அந்தக் காலிப் பத்தியில் ஆரம்பிக்கட்டும்.

கதை எழுதியவர்: சரி சார், அப்படியே மாற்றுகிறேன். முடிவில் அவன் கிராஃப் போட்டு 9.77 கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கையெழுத்துப் போடுவேன். அப்புறம் குண்டையும் வெர்னியரையும் அவன் கையில் கொடுத்து, இப்போதாவது விட்டத்தை அள என்பேன்.