இலைப் படத்திலிருந்து எலுமிச்சையையும் அதன் சொறி நோயையும் அறிதல்

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த செடியின் இலைப் படம் இது. என்ன செடி? இந்தப் பழுப்புப் புள்ளிகள் எதனால்?

இது எலுமிச்சை. இலைக்காம்பின் இருபுறமும் குறுகிய சிறகு போன்ற விளிம்பு ஓடுவதும், காம்பு இலையோடு சேருமிடத்தில் ஒரு கணு தெரிவதும் அதற்கு அடையாளம். பம்பளிமாஸாக இருந்தால் அந்தச் சிறகு நன்கு அகன்றிருக்கும். நல்லவேளையாகக் காம்போடு சேர்த்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஐயம் தீரும்.

புள்ளிகளைச் சுற்றி மஞ்சள் வளையம் இருப்பதால் சொறி நோய் என்றே எண்ணுகிறேன். ஆனால் படம் மேடு பள்ளத்தைக் காட்டாது. ஆகவே புள்ளியின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள்: இலையின் இரு பக்கமும் தக்கைபோல் சொரசொரப்பாகத் தடித்திருந்தால் சொறி நோய், தட்டையாக இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இது பாக்டீரியாவால் வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையின் சாரல் அதை இலைக்கு இலை பரப்பும். இளந்தளிரில் வெள்ளிக்கோடு போல நெளியும் இலைத்துளைப்பான் புழுவின் காயம் அதற்கு வாசலாகும். அந்தக் கோடுகள் உள்ளனவா என்று தளிர்களையும் பாருங்கள்.

மழை ஓய்ந்த வறண்ட நாளில் நோயுற்ற கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தெளியுங்கள். பழைய புள்ளிகள் மறையா. புதுத் தளிர் சுத்தமாக வருகிறதா என்பதே கணக்கு.