டிரெண்டிங் செய்திக்குத் தலைப்பு: 2024 பெங்களூர் தண்ணீர்ப் பஞ்சத்தில் நான் வைத்ததும் மாற்றியதும்

கேள்வி: டிரெண்டிங்கில் இருக்கும் செய்தியைப் பிடித்து வீடியோ போட்டால் வியூஸ் வருகிறது. ஆறு மாதம் கழித்து அதே தலைப்பைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. சூடும் ஆறாமல், பொய்யும் ஆகாமல் தலைப்பு வைப்பது எப்படி?

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருந்துகொண்டு வாடகை, அபார்ட்மெண்ட் விவகாரங்களைப் பற்றித் தமிழில் ஒரு சின்ன யூடியூப் சேனல் நடத்துகிறேன். 2024 மார்ச்சில் இங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது ஒரு தலைப்பு வைத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதையே பிரித்துக் காட்டுகிறேன்.

நான் வைத்தது இது: "பெங்களூரில் தண்ணீர் தீர்ந்தது! இனி கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம்!"

போட்ட ஒரு மணி நேரத்துக்குள் அல்சூர்க்காரர் ஒருவர் வந்துவிட்டார். "அண்ணா, இன்னைக்குக் காலையிலகூட எங்க வீட்டுல காவிரித் தண்ணி வந்துச்சே. எங்க தீர்ந்துச்சு?"

அவர் கேட்டது நியாயம். அந்த மார்ச்சில் வற்றியது போர்வெல். அரசு சொன்ன கணக்குப்படி நகரத்தில் இருந்த சுமார் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வரை காய்ந்துவிட்டன. துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தன் வீட்டு போர்வெல்லே வற்றிவிட்டது என்று சொன்னதுதான் எல்லா டிவியிலும் ஓடியது. ஆனால் காவிரியிலிருந்து நாளுக்குச் சுமார் 145 கோடி லிட்டர் எடுக்கும் அமைப்பு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காவிரிக் குழாய் போகாமல் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருந்த புறநகர்ப் பகுதிகள்தான் அதிகம் தவித்தன. நான் ஒரு பாதியை ஊர் முழுவதற்கும் பூசிவிட்டேன்.

இரண்டாவது பாதியும் தப்புதான். குடிநீர் வாரியத்தின் உத்தரவு கார் கழுவுவதைத் தடுக்கவில்லை. கார் கழுவ, தோட்டத்துக்கு ஊற்ற, கட்டட வேலைக்கு என்று குடிநீரைப் பயன்படுத்துவதைத்தான் தடுத்தது. சுத்திகரித்த கழிவுநீரில் கழுவினால் அந்த அபராதம் இல்லை. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனை ஒரு வீட்டுக்காரர் என் வீடியோவைக் காட்டி மிரட்டியிருக்கிறார். கார் கழுவ வாட்ச்மேன் பிடித்திருந்தது சுத்திகரிப்புத் தொட்டித் தண்ணீர். "குடிநீரில்" என்று ஒரே ஒரு சொல் தலைப்பில் இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அன்று சாயந்திரமே மாற்றினேன்: "பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் ₹5,000 அபராதம்: 2024 மார்ச் உத்தரவு".

என்ன மாறியது என்று பாருங்கள். "தீர்ந்தது" போய்விட்டது. நடந்து முடிந்த ஒரே விஷயம் உத்தரவு வந்தது. அது நடந்த மாதம் தலைப்பிலேயே இருக்கிறது, அதனால் எந்த வருடம் யார் படித்தாலும் அது உண்மைதான். "இனி" என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். தமிழ்த் தலைப்பைச் சீக்கிரம் கெடுக்கிற சொற்கள் என்று நான் மூன்றைச் சொல்வேன்: இனி, இன்று முதல், புதிய. மூன்றுமே படிப்பவரின் நாளை வைத்து அர்த்தம் மாறுபவை. பல வருடம் ஏறாமல் இருந்த இங்கத்திய தண்ணீர்க் கட்டணம் 2025 ஏப்ரலில் உயர்ந்தது. அதற்கு முன்னால் "பெங்களூர் புதிய தண்ணீர்க் கட்டணம்" என்று போட்டவர்களுடைய "புதிய" எல்லாம் அன்றோடு பழசு.

மாதம் போட்டால் பழைய செய்தி என்று நினைத்து ஜனங்கள் தாண்டிப் போவார்களே என்பீர்கள். போவார்கள். எனக்கும் கிளிக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் சூடு இருக்கிற அந்தப் பத்து நாளில் மாதத்தின் பெயர் யாரையும் விரட்டாது, எல்லோரும் தேடுவதே அந்த மாதச் செய்தியைத்தானே.

ஆரூடத் தலைப்பு இன்னும் மோசம். 2018இல் நிதி ஆயோக் அறிக்கை ஒன்று டெல்லி, பெங்களூர், சென்னை உள்பட 21 நகரங்களில் 2020க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்றது. "2020இல் பெங்களூரில் நிலத்தடி நீர் இருக்காது" என்று அப்போது தலைப்பு வைத்திருந்தால் இன்று அது ஜோக். "2020க்குள் தீரும் என்றது நிதி ஆயோக்" என்று வைத்திருந்தால் இன்றும் செல்லும், அவர்கள் சொன்னது சொன்னதுதான். அதற்காக யாரோ சொன்னார்கள் என்று போட்டுவிட்டுத் தப்பிக்கலாம் என்று அர்த்தமில்லை. சொன்ன கணக்கு எப்படி வந்தது என்று வீடியோவுக்குள் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 ஏப்ரலில் குழாய்கள் மூடப்படும் என்று நாள் குறித்து அதற்கு "டே ஜீரோ" என்று பெயரும் வைத்தார்கள், அது தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் வரவே இல்லை. 2024இல் அதே "டே ஜீரோ"வைத் தூக்கிக்கொண்டு வந்து பெங்களூருக்கு ஒட்டியவர்களும் உண்டு.

இன்னொரு வேலையும் செய்தேன், எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான். செய்தியை ஒரு வீடியோவாகவும், செய்தி போன பிறகும் இருக்கப்போகிற தொல்லையை இன்னொரு வீடியோவாகவும் பிரித்தேன். அந்த மாதம் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு ₹600, 12,000 லிட்டருக்கு ₹1,000. இது செய்தி, இதற்கு மாதத்தோடு தலைப்பு. டேங்கர்காரர் 12,000 என்று சொல்லி எவ்வளவு ஊற்றுகிறார் என்பது எல்லா வருடமும் உள்ள கவலை. அதற்கு வைத்த தலைப்பு: "டேங்கரில் சொன்ன அளவு தண்ணீர் வந்ததா? சம்ப்பில் அளந்து பார்க்கும் வழி".

உள்ளே இருந்தது சின்னக் கணக்கு. எங்கள் சம்ப் 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், அதாவது 7.5 சதுர மீட்டர். 12,000 லிட்டர் என்றால் 12 கன மீட்டர். வகுத்தால் 1.6 மீட்டர். ஊற்றும் முன்னும் பின்னும் குச்சி விட்டுப் பார்த்தோம், 1.3 மீட்டர்தான் ஏறியிருந்தது. கிட்டத்தட்ட 2,250 லிட்டர் குறைவு. ஊற்றும்போது மோட்டார் ஓடினால் இந்தக் கணக்கு தப்பிவிடும், அதனால் முதலில் அதை நிறுத்துங்கள். இந்தத் தலைப்பில் பஞ்சம் என்ற சொல்லே கிடையாது, கோடை வந்தால் தானாக ஓடுகிறது.

எந்தச் சொல் செய்தி, எந்தச் சொல் தொல்லை என்று தெரியாவிட்டால் கூகுள் டிரெண்ட்ஸில் இரண்டையும் போட்டு, காலத்தை ஐந்து வருடமாக வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கூம்பாக ஏறி இறங்குவது செய்திச் சொல். வருடா வருடம் எட்டிப் பார்ப்பது தொல்லைச் சொல். அங்கே 100 என்பது தேடிய ஆட்களின் எண்ணிக்கை இல்லை, அந்தக் காலத்தின் உச்சம், அவ்வளவுதான்.

தலைப்பை மாற்றினால் தம்ப்நெயிலும் கூடவே மாறாது. என்னுடையதில் மூன்று நாள் "தீர்ந்தது!" சிவப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. சொந்தத் தளத்தில் எழுதுபவர் என்றால் முகவரியையும் பாருங்கள். `bengaluru-water-crisis-today` என்று இருந்தால் தலைப்பைத் திருத்திய பிறகும் அந்த today அங்கேயே நிற்கும்.

2025 பிப்ரவரியில் வாரியம் மறுபடி அதே மாதிரி உத்தரவு போட்டது, அதே ₹5,000. பழைய வீடியோவின் தலைப்பில் நான் கை வைக்கவில்லை. புதிதாக ஒன்று போட்டு, பழையதன் விவரக்குறிப்பில் "2025 பிப்ரவரி உத்தரவுக்கு இங்கே" என்று முதல் வரியில் லிங்க் கொடுத்தேன்.