சுயவிபரக்கோவையில் பரிந்துரையாளராக யாரைப் போடுவது?

"கொழும்பு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறேன். உறவினரல்லாத இருவரைக் கேட்கிறார்கள். கிராம சேவையாளரையும் பழைய அதிபரையும் போடலாமா?"

கிராம சேவையாளர் உங்கள் நன்னடத்தையைச் சொல்லுவார், வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாக, நீங்கள் பயிற்சி பெற்ற இடத்தின் மேற்பார்வையாளரைப் போடுங்கள். பெயர், பதவி, நிறுவனம், தொலைபேசி, மின்னஞ்சல், அதோடு "2023இல் எனது மேற்பார்வையாளர்" என்று ஒரு வரி.

பெயர் போட முதல் கட்டாயம் கேளுங்கள். எனக்கு ஒருமுறை, கேளாமல் போட்ட ஆசிரியர் அழைப்பு வந்தபோது "எந்தப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. நீங்கள் போடுபவர் சம்மதித்ததும் அவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "சேர், கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அழைப்பு வரலாம். மாதமுடிவுக் கணக்கை நான் தனியே சரிபார்த்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்." விளம்பரத்தையும் உங்கள் சுயவிபரக்கோவையையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம், அழைப்பவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசக்கூடும், அது அவருக்குச் சரியா என்றும் கேட்டு வையுங்கள்.